முதல் ஊசிக்குப் பிறகு வரும் தண்டுவட நீர்

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் தண்டுவட நீரில் பெரும்பகுதி, ஏற்கெனவே ஆன்டிபயாடிக் இறங்கிவிட்ட உடம்பிலிருந்துதான் வருகிறது. தென் மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நுண்ணுயிரியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சுற்றுப்பட்டு ஊர்களில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் தெருமுனை கிளினிக். அங்கே ஓர் ஊசி, மறுநாள் இன்னோர் ஊசி. மூன்றாம் நாள் வலிப்பு வந்ததும் எங்களிடம் ஓடி வருவார்கள். அப்படி வருகிறவர்களைக் குறை சொல்ல முடியாது, ஊசி போட்ட மருத்துவரையும் குறை சொல்ல முடியாது. முதல் நாள் காய்ச்சலைப் பார்த்து இது மூளைக்காய்ச்சல் என்று யாராலும் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த ஊசி, ஆய்வகத்தில் நாங்கள் பார்க்கும் ஒவ்வொரு சோதனையின் பொருளையும் மாற்றிவிடுகிறது. எப்படி மாற்றுகிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் உறையில் பாக்டீரியா புகுந்தால், அதைக் கண்டுபிடிக்க அந்த உறைக்குள் ஓடும் நீரை எடுத்துப் பார்ப்பதுதான் வழி. இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளுக்கு நடுவே ஊசி செலுத்தி அந்த நீரை எடுக்கலாம் என்று ஜெர்மானிய மருத்துவர் குவின்கே 1891இல் காட்டினார். இன்றைக்கும் அதே முறைதான். 'முதுகில் தண்ணி எடுக்கிறது' என்றுதான் நம் மக்கள் சொல்வார்கள். எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்ற பயம் இன்னும் நீங்கவில்லை. ஊசி போகும் இடத்தில் தண்டுவடமே இல்லை, அதற்கு மேலேயே அது முடிந்துவிடுகிறது, நரம்பு வேர்கள் மட்டும்தான் நீரில் மிதக்கின்றன என்று வார்டில் பொறுமையாகச் சொன்னால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். அந்தச் சம்மதம் கிடைக்க ஆகும் நேரத்திலும் கிருமி பெருகிக்கொண்டுதான் இருக்கும். அதனால் மூளைக்காய்ச்சல் என்று பலமான சந்தேகம் இருந்து, நீர் எடுப்பது தாமதமாகும் என்றால், மருந்தை முதலில் போட்டுவிடுவார்கள். அதுதான் சரி. உயிர் முதலில், எங்கள் சோதனை அதற்குப் பிறகு.

நீரை வழக்கமாக மூன்று குப்பிகளில் எடுப்பார்கள். முதலாவது சர்க்கரையும் புரதமும் பார்க்க, இரண்டாவது எங்களுக்கு, மூன்றாவது செல் எண்ணிக்கைக்கு. குழந்தை சிறியதாக இருந்து ஒரே குப்பிதான் கிடைத்தது என்றால் அது முதலில் எங்களிடம் வர வேண்டும். உயிரி வேதியியல் துறை திறந்து கையாண்ட பிறகு வந்தால் வெளிக் கிருமி ஒட்டியிருக்கும், அதை எங்களால் நம்ப முடியாது.

இதைவிடப் பெரிய தொல்லை ஃபிரிட்ஜ். இரவு டியூட்டியில் இருப்பவர்கள் ரத்தம், சிறுநீர் மாதிரிகளோடு தண்டுவட நீரையும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் மொத்தமாக அனுப்பும் வழக்கம் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்தது. சிறுநீருக்கு அது பொருந்தும், குளிரில் கிருமி பெருகாமல் இருக்கும். மூளைக்காய்ச்சல் தரும் முக்கியமான கிருமிகளுக்கோ குளிர் ஆகாது. மெனிங்கோகாக்கஸும் ஹீமோஃபிலஸும் நம் உடல் சூட்டில் வாழப் பழகியவை, குளிரில் செத்துப்போகும். நியூமோகாக்கஸிடம் தன்னைத் தானே உடைத்துக்கொள்ளும் ஒரு நொதி உண்டு, நேரம் போகப் போக அதுவும் கரையும். கிருமியோடு போராடும் வெள்ளணுக்களும் வெளியே எடுத்த நீரில் நிலைப்பதில்லை. இரண்டு மணி நேரத்தில் நியூட்ரோபில்கள் பாதியாகக் குறைந்துவிடக்கூடும். ஆக, கலங்கிய நீர் ஒன்று காலையில் என் மேசைக்கு வரும்போது கிருமியும் இல்லாமல், செல்லும் இல்லாமல், சாதுவாகத் தெரியும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள், அறை வெப்பத்திலேயே, ஆள் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். நம் ஊர் சித்திரை வெயில்கூட இந்த விஷயத்தில் ஃபிரிட்ஜைவிட நல்லது.

குப்பி வந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதுதான் முதல் சோதனை. நல்ல தண்டுவட நீர் குடிநீர் போலத் தெளிவாக இருக்கும். ஒரு மைக்ரோலிட்டருக்குச் செல்கள் சில நூறைத் தாண்டினால் லேசாகக் கலங்க ஆரம்பிக்கும். அளவு 1 மில்லிக்கு மேல் இருந்தால் சென்ட்ரிஃபியூஜில் சுற்றுவோம், அதற்குக் குறைவாக இருந்தால் சுற்றாமல் அப்படியே பயன்படுத்துவோம். சுற்றி முடித்ததும் மேலே நிற்கும் தெளிந்த நீரை எடுத்து வேறு குழாயில் வைத்துவிட வேண்டும். அதை யாரும் கொட்டிவிடக் கூடாது, ஆன்டிஜென் சோதனைக்கு அதுதான் வேண்டும். அடியில் தங்கிய வண்டல், கிராம் சாயத்துக்கும் கல்ச்சருக்கும்.

ஸ்மியர் போடுவதில் ஒரு பழக்கத்தை என்னுடைய டெக்னீஷியன்களுக்கு விடாமல் சொல்லிக்கொடுத்தேன். வண்டலை ஸ்லைடு முழுக்கத் தேய்க்காதீர்கள். வைர முனைப் பென்சிலால் ஸ்லைடின் பின்பக்கம் சிறு வட்டம் போட்டு, அதற்குள் ஒரு சொட்டு வையுங்கள். அது காற்றில் உலர்ந்த பிறகு அதே இடத்தில் இன்னொரு சொட்டு. கிருமி குறைவாக இருக்கும் நீரில், சொட்டின் மேல் சொட்டாகச் சேர்த்தால்தான் கண்ணில் படும். உலர்வதற்கு அவசரப்பட்டு ஸ்பிரிட் விளக்கில் அதிகமாகச் சூடு காட்டினால் செல்கள் உருக்குலைந்துவிடும். மெத்தனாலில் நிலைப்படுத்துவது நல்லது.

பிறகு கிராம் சாயம். கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், அசிட்டோன் கலந்த ஆல்கஹாலால் நிறம் நீக்கல், கடைசியில் சாஃப்ரனின். தடித்த செல்சுவர் உள்ள கிருமி ஊதாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மெல்லிய சுவர் உள்ளது விட்டுவிட்டு இளஞ்சிவப்பை ஏற்கும். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், பெர்லினில் நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் கிருமிகளைப் பிரித்துப் பார்க்கப்போய் இதைக் கண்டு 1884இல் வெளியிட்டார். இந்த நான்கு படிகளில் மூன்றைக் கடிகாரம் பார்த்துச் செய்துவிடலாம். நிறம் நீக்குவதற்குக் கடிகாரம் போதாது, கண் வேண்டும். ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து, வழியும் திரவத்தில் ஊதா நின்ற நொடியிலேயே தண்ணீர் விட வேண்டும். சில நொடி கூடினால் ஊதாக் கிருமி சிவப்பாகிவிடும். சில நொடி குறைந்தால் சிவப்புக் கிருமி ஊதாவாக நிற்கும். சரியாகச் செய்தோமா என்பதை அதே ஸ்லைடு சொல்லிவிடும். நியூட்ரோபில்களின் உட்கரு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அதுவே ஊதாவாக நின்றால் அந்த ஸ்லைடில் எந்தக் கிருமியின் நிறத்தையும் நம்பாதீர்கள்.

சாயப் பாட்டிலிலேயே கிருமி வளர்வதும் உண்டு. நாள்பட்ட சாஃப்ரனினிலும், அலசும் குழாய்த் தண்ணீரிலும் கிடக்கும் கிருமிகள் ஸ்லைடில் ஒட்டிக்கொண்டு, நோயாளியின் கிருமி போலவே காட்சி தரும். கழுவித் திரும்பப் பயன்படுத்தும் ஸ்லைடில் பழைய மாதிரியின் செத்த கிருமிகள் மிஞ்சியிருக்கும். தண்டுவட நீருக்குப் புது ஸ்லைடுதான். சந்தேகம் வந்தால், எதுவும் வைக்காத வெறும் ஸ்லைடு ஒன்றுக்கு அதே சாயங்களைப் போட்டுப் பாருங்கள். அதிலும் கிருமி தெரிந்தால் குற்றவாளி பாட்டில்தான்.

இனி, ஒரு குழந்தையின் மாதிரியைப் பற்றி. அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் நியூமோகாக்கஸ் தடுப்பூசி தமிழ்நாட்டில் 2021இல்தான் சேர்ந்தது. இது அதற்கு முந்தைய காலம். பதினான்கு மாதக் குழந்தை. மூன்று நாள் காய்ச்சல், பால் குடிக்கவில்லை, விடியற்காலையில் வலிப்பு. காலையில் நீர் எடுத்துக் கையோடு அனுப்பினார்கள். ஒன்றரை மில்லிதான் இருந்தது, அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில். செல் எண்ணிக்கை 1,800, அதில் பத்துக்கு ஒன்பது நியூட்ரோபில். சர்க்கரை 18 மில்லிகிராம், அதே நேரத்தில் ரத்தத்தில் 96. புரதம் 210. இத்தனையும் சேர்ந்தால் பாக்டீரியாவால் வந்த மூளைக்காய்ச்சல் என்பதில் ஐயம் கொள்ள வழியில்லை. எந்த பாக்டீரியா என்பதுதான் கேள்வி.

ஸ்லைடை முதலில் பார்த்தவர் எங்கள் துறையில் முதுநிலைப் படிப்பு படித்துக்கொண்டிருந்த மருத்துவர். எண்ணெய் விட்டு நூறு மடங்கு லென்ஸில் வெகுநேரம் தேடிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், கிராம் நெகட்டிவ் டிப்ளோகாக்கை தெரியுது. மெனிங்கோகாக்கஸ்னு வார்டுக்குச் சொல்லிரலாமா?"

"எத்தனை இடத்துல பார்த்தீங்க?"

"நாலஞ்சு ஃபீல்டுக்கு ஒண்ணு. எல்லாமே ரொம்ப வெளுத்திருக்கு மேடம்."

அவர் சொன்னது தவறு என்று சொல்ல முடியாது. இரட்டை இரட்டையாக, இளஞ்சிவப்பாக, உருண்டைகள் இருந்தன. பாடப்புத்தகத்தில் அந்தப் படத்துக்குக் கீழே மெனிங்கோகாக்கஸ் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் நான் அந்த வட்டத்தின் ஓரத்திலிருந்து தொடங்கி வரிசை வரிசையாக நகர்த்திப் பார்த்தபோது மூன்று விஷயங்கள் உறுத்தின. மெனிங்கோகாக்கஸ் ஜோடியில் இரண்டும் தட்டையான பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி ஒட்டியிருக்கும். இவையோ நீளவாக்கில் நுனியோடு நுனி தொட்டு நின்றன. மெனிங்கோகாக்கஸ் பெரும்பாலும் நியூட்ரோபில் வயிற்றுக்குள் கிடக்கும். இவை வெளியே கிடந்தன, சிலவற்றைச் சுற்றி நிறம் ஏறாத ஒரு வெற்று வளையமும் இருந்தது. மூன்றாவதுதான் முடிவுக்குக் கொண்டுவந்தது. ஒரு ஜோடியில் ஒன்று இளஞ்சிவப்பு, அதை ஒட்டிய மற்றொன்று நல்ல ஊதா. நியூட்ரோபில் உட்கருக்களெல்லாம் சரியான இளஞ்சிவப்பில் இருந்ததால், நிறம் நீக்கியதில் பிழை என்றும் சொல்ல இடமில்லை.

நியூமோகாக்கஸ் ஊதாவாகத் தெரிய வேண்டிய கிருமி. ஆனால் பெனிசிலின், செஃப்ட்ரியாக்சோன் வகை மருந்துகள் அதன் செல்சுவரைத்தான் தாக்குகின்றன. சுவர் சிதைந்தால் ஊதாவைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. சாகிற நியூமோகாக்கஸ் வீங்கி, வெளுத்து, சிவப்பாகத் தெரியும். நான் வார்டுக்கு ஃபோன் செய்து முதலில் கேட்டது, இதற்கு முன் என்ன ஊசி போட்டார்கள் என்பதைத்தான். கேஸ் ஷீட்டில் எதுவும் எழுதியிருக்கவில்லை. தாய்க்கு மருந்தின் பெயர் தெரியவில்லை, "ஊர்ல ரெண்டு நாளா ஊசி போட்டாக" என்று மட்டும் சொன்னாராம். குழந்தையின் ஆச்சி கொண்டுவந்திருந்த துணிப்பையில், துண்டுக்கும் பால் புட்டிக்கும் நடுவே, கிளினிக்கில் கொடுத்தனுப்பிய வெறும் மருந்துக் குப்பி இருந்தது. செஃப்ட்ரியாக்சோன்.

அதோடு எல்லாம் பொருந்திவந்தது. இருந்தாலும் பொருந்துகிறது என்பதை வைத்து மட்டும் அறிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த இரண்டு கிருமிகளில் எது என்பதைப் பொறுத்து வார்டில் நடப்பது வேறுபடும். மெனிங்கோகாக்கஸ் என்றால் சிகிச்சை ஒரு வாரத்தில் முடியும், ஆனால் வீட்டில் கூட இருந்தவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுத்தாக வேண்டும், சுகாதாரத் துறைக்கும் சொல்ல வேண்டும். நியூமோகாக்கஸ் என்றால் வீட்டாருக்கு மருந்து தேவையில்லை, குழந்தைக்குச் சிகிச்சை பத்து முதல் பதினான்கு நாள் வரை போகும். செஃப்ட்ரியாக்சோனை எதிர்க்கும் நியூமோகாக்கஸ் இருக்கிறது என்பதால் வான்கோமைசினும் சேர்ந்து ஓட வேண்டும். வெளுத்துப்போன ஒரு ஜோடியைத் தவறாகப் படித்தால் குழந்தைக்குப் பாதி மருந்தும், வீட்டாருக்குத் தேவையில்லாத மருந்தும் போய்ச் சேரும்.

எடுத்து வைத்திருந்த தெளிந்த நீர் உதவிக்கு வந்தது அப்போதுதான். நியூமோகாக்கஸுக்கான அட்டைச் சோதனை, கர்ப்பம் பார்க்கும் பட்டையைப் போன்ற முறையில் வேலை செய்வது. எல்லா வகை நியூமோகாக்கஸின் செல்சுவரிலும் இருக்கும் சி பாலிசாக்கரைடு என்ற சர்க்கரைப் பொருளை அது பிடிக்கிறது. சிறு பஞ்சுக் குச்சியை நீரில் தோய்த்து அட்டையில் செருகி, அதனுடன் வரும் கரைசலைச் சொட்டுவிட்டு மூட வேண்டும், 15 நிமிடம் கழித்துப் படிக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கோடு ஒன்று எப்போதும் வர வேண்டும், அது வராவிட்டால் அட்டை செல்லாது. அன்றைக்கு இரண்டு கோடும் வந்தன. இரண்டாவது மங்கலாக இல்லை, பளிச்சென்று இருந்தது. வார்டுக்கு ஃபோனில் சொன்னேன். பிறகு எழுதிய அறிக்கையில், கிராம் சாயத்தில் நிறம் மாறுபடும் இரட்டைக் காக்கை, முன்பே மருந்து பெற்றதால் சிதைந்த நியூமோகாக்கஸாக இருக்கலாம், ஆன்டிஜென் பாசிட்டிவ் என்று மூன்றையும் சேர்த்து எழுதினேன்.

அந்த ஆன்டிஜென் சோதனைக்கு உயிருள்ள கிருமி தேவையில்லை என்பதுதான் அதன் பலம். கிருமி செத்து உடைந்தாலும் அதன் சுவர்த் துணுக்குகள் சில நாள் நீரில் மிதந்துகொண்டே இருக்கும். இதை நமக்கு அருகிலேயே பெரிய அளவில் காட்டியவர் டாக்காவில் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வகத்தைக் கட்டியெழுப்பிய சமீர் சாகா. மூளைக்காய்ச்சல் குழந்தைகளின் தண்டுவட நீரில் இந்த அட்டைச் சோதனையைச் செய்து, கல்ச்சரில் எதுவும் வளராமல் போன பலவற்றிலும் நியூமோகாக்கஸ் இருந்ததை அவரது குழு வெளிப்படுத்தியது. கிருமியே இல்லை என்று நாம் நினைத்திருந்த இடத்தில், மருந்தால் மறைந்துபோன கிருமி இருந்திருக்கிறது.

அதற்காக ஆன்டிஜென்னைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவும் முடியாது. வாய்க்குள் வாழும் சில ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளிலும் அதே சர்க்கரைப் பொருள் உண்டு, அவை ரத்தம் வழியாக மூளை உறைக்குப் போனால் அட்டை பாசிட்டிவ் காட்டும். இதே அட்டையைச் சிறு குழந்தையின் சிறுநீரில் பயன்படுத்தவே கூடாது. நம் ஊர்க் குழந்தைகள் பலரின் தொண்டையில் நியூமோகாக்கஸ் நோயே தராமல் குடியிருக்கும், அது சிறுநீரில் கோடு போட்டுவிடும்.

லேட்டெக்ஸ் கிட் என்பது இன்னொரு வகை. எதிர்ப்பொருள் பூசிய நுண்மணிகளுடன் ஒரு சொட்டு நீரைக் கலந்து அட்டையைச் சுழற்றினால், ஆன்டிஜென் இருந்தால் மணிகள் கண்ணுக்குத் தெரியும்படி திரளும். நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் பி வகை, மெனிங்கோகாக்கஸ் வகைகள், பச்சிளம் குழந்தைகளைத் தாக்கும் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று பலவற்றை ஒரே கிட்டில் பார்க்கலாம். நீரை முதலில் கொதிநீரில் சில நிமிடம் வைத்துச் சுற்றித் தெளிய வைக்காவிட்டால், அதில் இருக்கும் புரதங்களே மணிகளைத் திரள வைத்துவிடும். கட்டுப்பாட்டு மணிகளும் கூடவே திரண்டால் அந்த முடிவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். இதன் கண்ணியில் ஒரு பொத்தல் உண்டு. மெனிங்கோகாக்கஸ் பி வகையின் மேலுறையும், ஈ. கோலியின் கே1 வகையின் மேலுறையும் ஒரே சர்க்கரையால் ஆனவை. பிறந்து ஒரு வாரமான குழந்தையின் நீரில் 'மெனிங்கோகாக்கஸ் பி' வட்டத்தில் மணி திரண்டால், பெரும்பாலும் அது ஈ. கோலி. குழந்தையின் வயது தெரியாமல் லேட்டெக்ஸைப் படிக்க முடியாது. கிட்டை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஆனால் உறைந்துவிட்டால் மணிகள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். எல்லா நீருக்கும் இதைப் போட வேண்டியதில்லை என்று 2004இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் சொன்னது. அதை நான் ஏற்கிறேன். கிராமில் பளிச்சென்று கிருமி தெரிகிற நீருக்கு இது வீண் செலவு. மருந்து இறங்கிய பிறகு வரும் நீருக்கு மட்டும், நம் ஊரில் இதற்கு இடமுண்டு.

அந்தக் குழந்தையின் கல்ச்சர் என்ன ஆயிற்று? மூன்று நாள் பொறுத்தோம், எதுவும் வளரவில்லை. அதுவும் எதிர்பார்த்ததுதான். சரியான மருந்து நரம்பு வழியாகப் போன இரண்டு மணி நேரத்துக்குள் தண்டுவட நீரில் மெனிங்கோகாக்கஸ் வளரும் சக்தியை இழக்கலாம். நியூமோகாக்கஸ் நான்கு மணி நேரம் போல் தாக்குப்பிடித்து, பிறகு மறையத் தொடங்கும். கிளினிக் ஊசிகளின் அளவு குறைவாக இருந்ததால்தான், சாகிற நிலையிலாவது அந்தக் கிருமிகள் என் ஸ்லைடில் தென்பட்டன.

ஆனாலும் நான் கல்ச்சரை ஒருபோதும் கைவிட மாட்டேன். இந்த மருந்து இந்தக் கிருமியைக் கொல்லுமா என்ற கேள்விக்கு, உயிரோடு வளர்ந்த கிருமி மட்டும்தான் பதில் சொல்லும். கோடு வந்த அட்டையிடமோ, பிசிஆர் இயந்திரத்திடமோ முழுப் பதில் கிடையாது. மருந்து எதுவும் பெறாமல் வந்த ஒரு பெரியவரின் நீரில் ஊதா ஜோடிகள் கும்பலாகத் தெரிந்தன. மறுநாள் பிளேட்டில் பச்சை வளையத்தோடு காலனிகள், பல்லாங்குழிக் குழி போல ஒவ்வொன்றும் நடுவில் அமுங்கி. ஆப்டோசின் வட்டைச் சுற்றி 14 மில்லிமீட்டருக்கு மேல் வெற்றிடம், பித்த உப்புக் கரைசலில் போட்டதும் கலங்கல் தெளிந்தது. நியூமோகாக்கஸ்தான். அதன் பெனிசிலின் அளவீடு லிட்டருக்கு 0.12 மில்லிகிராமுக்கு மேல் போயிருந்தது. நுரையீரலுக்கு என்றால் இந்த அளவு பெரிய விஷயமில்லை. மூளை உறைக்குள் மருந்து போதுமான அளவு நுழையாது என்பதால், மூளைக்காய்ச்சலில் 0.06க்கு மேல் போனாலே பெனிசிலினுக்கு எதிர்ப்பு என்றுதான் எழுத வேண்டும். செஃப்ட்ரியாக்சோன் வேலை செய்யும் அளவில் இருந்தது, அதைத் தொடரச் சொன்னோம். இந்தத் தகவலை எந்த அட்டையும் தந்திருக்காது.

கல்ச்சர் வளராமல் போவதற்கு மருந்து மட்டும்தான் காரணம் என்று நினைக்கவும் கூடாது. எங்கள் பகுதியில் பல ஆய்வகங்கள் ரத்த வங்கியில் காலாவதியான மனித ரத்தத்தை ஊற்றித்தான் பிளட் அகார் தயாரித்து வந்தன. அந்த ரத்தத்தில் கொடுத்தவரின் எதிர்ப்பொருள்கள் இருக்கலாம், அவர் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் இருக்கலாம், உறையாமல் இருக்கச் சேர்த்த சிட்ரேட் கட்டாயம் இருக்கும். நொய்ந்த நியூமோகாக்கஸ் அதில் வளராது, வளர்ந்தாலும் பச்சை வளையம் சரியாகத் தெரியாது. செம்மறி ஆட்டு ரத்தம் வேண்டும், அதையும் கண்ணாடி மணிகள் போட்டுக் குலுக்கி நார்ப்பொருளை நீக்கி, நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்க்க வேண்டும். ஹீமோஃபிலஸுக்கு அதுவும் போதாது. ரத்த அணுக்களைச் சூட்டில் உடைத்து உள்ளிருக்கும் சத்தை வெளியே விடும் சாக்லேட் அகார் வேண்டும். இரண்டு பிளேட்டுகளும் கரியமில வாயு மிகுந்த காற்றில் இருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் இல்லாத இடத்தில் இறுக மூடும் ஜாடிக்குள் ஈரப்பஞ்சும் எரியும் மெழுகுவர்த்தியும் வைத்து மூடினால் போதும், வாசனை சேர்க்காத வெள்ளை மெழுகுவர்த்தியாக இருக்க வேண்டும். புதிதாக ஊற்றிய ஒவ்வொரு தொகுதிப் பிளேட்டிலும், வளரும் என்று தெரிந்த நியூமோகாக்கஸ் ஒன்றைப் போட்டுச் சரிபாருங்கள். அது வளராத பிளேட்டில் நோயாளியின் நீரைப் போட்டுவிட்டு 'வளர்ச்சி இல்லை' என்று எழுத நமக்கு உரிமை இல்லை.

ஹீமோஃபிலஸ் பி இப்போது எங்கள் மேசைக்கு அரிதாகிவிட்டது. ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் தடுப்பூசி, இந்தியாவில் முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான், 2011 டிசம்பரில் தொடங்கியது. அதற்கு முன்னால் கிராம் ஸ்லைடில் இளஞ்சிவப்புப் பின்னணியில் கரைந்துபோகும் அந்தச் சன்னமான, ஒழுங்கற்ற குச்சிகளைத் தேடித் தேடிக் கண் வலித்த காலம் ஒன்று இருந்தது.

'கிருமி காணப்படவில்லை' என்ற வரியைப் பற்றியும் வார்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மில்லியில் ஒரு லட்சத்துக்கு மேல் கிருமி இருந்தால் கிராம் சாயம் ஏறக்குறைய எப்போதும் காட்டிவிடும். ஆயிரத்துக்குக் கீழே போனால் நான்கில் ஒன்றைத்தான் காட்டும். கிளினிக்கில் போட்ட ஊசி அந்த எண்ணிக்கையைக் கீழே தள்ளியிருக்கும். ஆகவே செல் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில், சர்க்கரை ரத்தத்தில் இருப்பதில் பாதிக்கும் கீழே, கிராமில் கிருமி இல்லை என்று ஓர் அறிக்கை வந்தால், மருந்தை நிறுத்தாதீர்கள். எங்களிடம் எஞ்சியிருக்கும் தெளிந்த நீரில் ஆன்டிஜென் போடச் சொல்லிக் கேளுங்கள். ரத்தக் கல்ச்சரையும் தவறாமல் எடுங்கள், முதல் ஊசிக்கு முன்னால் எடுக்க முடிந்தால் தண்டுவட நீர் கைவிட்ட இடத்தில் அதுவாவது கைகொடுக்கும்.

அந்தக் குழந்தைக்குப் பதினான்கு நாள் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். காது கேட்கும் சோதனை செய்தபோது ஒரு காதில் கேட்கும் திறன் குறைந்திருந்தது. நியூமோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் அடிக்கடி விட்டுச்செல்லும் குறை இது. கிருமி எது என்று முதல் நாளே தெரிந்திருந்ததால்தான் அந்தச் சோதனையைத் தள்ளிப்போடாமல் செய்தார்கள்.

கிளினிக் நடத்தும் மருத்துவ நண்பர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். காய்ச்சல் குழந்தைக்கு ஊசி போட்டால், மருந்தின் பெயரையும் அளவையும் போட்ட நேரத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தாயின் கையில் கொடுத்துவிடுங்கள். வார்டில் இருப்பவர்கள் அதைப் பார்த்துத் தண்டுவட நீரோடு வரும் படிவத்தில் எழுதுங்கள். அந்த வரி இல்லாமல் வரும் ஸ்லைடை நாங்கள் பாதிதான் படிக்க முடியும்.